பன்னிரண்டு மணி நேரமா, வீட்டோடு தங்கலா?

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், ஆள் கேட்டு நாம் போடும் முதல் போனில் மறுமுனை கேட்பது நோயைப் பற்றி அல்ல. “ட்வெல்வ் அவர்ஸா, ஸ்டேயா?” என்றுதான் கேட்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் வந்துபோகும் ஆளா, வீட்டோடு தங்கும் ஆளா? விலை அந்தப் பதிலில் முடிவாகிவிடுகிறது. பாட்டிக்கு எத்தனை கிலோ எடை, இரவில் எத்தனை முறை எழுப்புவார், நடப்பாரா நடக்கமாட்டாரா என்பதெல்லாம் பிறகுதான் வரும். பல வீடுகளில் வராமலே போய்விடும்.

எட்டு மணி நேரம் என்ற பேச்சே இங்கே கிடையாது. 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, அந்த மே தினத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் அன்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருப்பார். அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் காலை எட்டுக்கு வந்து இரவு எட்டுக்குப் போயிருப்பார். அதை எதிர்த்து யாரும் கொடி பிடிக்கவில்லை. பிடிக்க அங்கே சங்கமும் இல்லை, கேட்டும் இல்லை.

இந்த இரண்டு ஏற்பாடுகளில் எதற்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்று திருவள்ளூரில், தேரடிக்குப் பக்கத்தில். மற்றொன்று கும்மிடிப்பூண்டியில், ரயில் நிலையத்துக்கு மேற்கே. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாவட்டம் ஒன்றுதான் என்றாலும் இரண்டு ஊர்களும் வேறு வேறு ரயில் பாதையில் இருப்பவை. திருவள்ளூர் அரக்கோணம் லைன், கும்மிடிப்பூண்டி கூடூர் போகும் லைன். ரயிலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் சென்னைப் பக்கம் வந்து மாற வேண்டும். பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் போவோர்தான் அதிகம். கூலிக் கணக்குக்கு இது எதற்கு என்று தோன்றலாம். திருவள்ளூர் வீட்டுக்காரர்கள் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணி ரயிலைப் பிடித்துப் போய் இரவு எட்டரைக்கு மேல் திரும்புவார்கள். பகல் முழுக்க வீடு காலி, இரவில் எல்லோரும் இருப்பார்கள். கும்மிடிப்பூண்டி வீட்டில் கணவருக்குச் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் காலை ஆறிலிருந்து இரண்டு, அடுத்த வாரம் இரண்டிலிருந்து பத்து, அதற்கடுத்த வாரம் இரவு பத்திலிருந்து ஆறு. மனைவி வேறொரு கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். அந்த வீட்டின் தேவை வாரத்துக்கு வாரம் மாறும். எட்டுக்கு எட்டு என்ற ஏஜென்சி அளவு இரண்டு வீடுகளுக்குமே பொருந்தவில்லை.

முதலில், ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

சட்டம் ஓர் அடித்தளம் போட்டிருக்கிறது. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2018-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. ஆண்டுதோறும் ஏப்ரலில் விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி இதன்மேல் ஏறும். இதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்குத்தான் இது எல்லை. நியாயமான விலை எது என்று இது சொல்லாது.

நியாயமான விலையை ஊரிலேயே தேடலாம். இந்த வேலைக்கு வரக்கூடிய பெண்ணுக்குப் பக்கத்தில் வேறு என்ன வேலை கிடைக்கும்? கும்மிடிப்பூண்டியில் பதில் கண்ணெதிரே நிற்கிறது: கம்பெனி வேன். காண்ட்ராக்டில் சேரும் பெண்ணின் நாட்கூலி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குக்காக எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், மணிக்கு 60. உங்கள் ஊரில் இது கூடவோ குறையவோ இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். முறை மாறாது.

அந்த 480 மட்டுமே அவருடைய வரும்படி இல்லை என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். முறையாக நடத்தும் கம்பெனியானால் பி.எஃப். கணக்கில் முதலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 58 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ.-க்கு 3.25 சதவீதம், 16 ரூபாய். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், 40 ரூபாய். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, அது ஒரு நாளைக்கு 24 ரூபாய் ஆகிறது. கூட்டினால் 618. வீட்டு வேலையில் இந்த நான்கும் கிடையாது. காய்ச்சல் வந்தால் மருந்துச் செலவு அவருடையது, வராத நாளுக்குக் கூலியும் இல்லை. ஆகவே “கம்பெனியில் 480 தானே, நானும் அதையே தருகிறேனே” என்று சொல்லும் வீட்டுக்காரர் உண்மையில் 138 ரூபாய் குறைத்துத் தருகிறார். எட்டு மணி நேரத்துக்கு 618, மணிக்கு 77. இதுதான் நான் தொடங்கும் எண்.

அடுத்தது எட்டுக்கு மேற்பட்ட நேரம். வாரம் 48 மணிக்கு மேல் போனால் ஆலையில் இரட்டைக் கூலி, அதைத்தான் எல்லோரும் ‘ஓ.டி.’ என்கிறார்கள். மணிக்கு 60 என்றால் ஓ.டி. 120. வாரத்துக்கு ஆறு நாள் எட்டு மணி நேரம் பார்த்தாலே 48 நிறைந்துவிடுவதால், அதன் பிறகு ஒவ்வொரு மணியும் ஓ.டி.தான்.

இப்போது பகல் ஷிஃப்ட். எட்டுக்கு எட்டு, பன்னிரண்டு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் அவர் உண்மையாகவே சாப்பிட்டு, காலை நீட்டி, கூப்பிடாமல் இருக்க விடுகிறோம் என்றால் பதினொன்று. முதல் எட்டுக்கு 618, அடுத்த மூன்றுக்கு 360, மொத்தம் 978. பேருந்துச் செலவைச் சேர்த்து ஆயிரம் என்று வைக்கலாம். அந்த ஒரு மணி நேர ஓய்வு கிடைக்காத வீடானால் இன்னும் 120.

இரவு ஷிஃப்ட்டில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. “தூங்கத்தானே வர்றாங்க, எதுக்கு அவ்வளவு?” என்று ஒரு பக்கம். “நைட்டு முழுக்க உக்காந்துதான் இருக்கேன் தம்பி, கண்ணு எரியுது” என்று மறுபக்கம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இரவு என்பது ஒரே சரக்கு அல்ல, தூங்கக் கிடைக்கிற இரவும் விழித்திருக்க வேண்டிய இரவும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே விலை வைப்பதால்தான் தகராறு.

நோயாளி தூங்குகிறவர், எப்போதாவது கூப்பிடுவார் என்றால், அந்தப் பெண் பத்தரைவரை விழித்திருப்பார், காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். விழித்த நேரம் ஐந்து மணி, படுத்த நேரம் ஏழு மணி. விழித்த ஐந்துக்கு முழு விலையாக 385. படுத்திருந்த ஏழு மணிக்கும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டில், காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். பாதி விலை என்றால் 270. போக்குவரத்துக்கு 45 சேர்த்து 700. விழித்திருக்க வேண்டிய இரவானால் பகலுக்குரிய 978, இரவுப் படி நூறு, போக வர ஷேர் ஆட்டோ, ஏறத்தாழ 1,100. ஒரே ஷிஃப்ட், ஒரே பெண், ஒரே பன்னிரண்டு மணி நேரம். வித்தியாசம் 400 ரூபாய்.

போக வர என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். இரவு எட்டு மணி என்பது நமக்கு வசதியான மணி. பொன்னேரியிலிருந்தோ கவரைப்பேட்டையிலிருந்தோ வரும் பெண் ரயிலிலிருந்து இறங்கி, தெருவிளக்கில்லாத இடத்தில் நடந்து வர வேண்டும். ஆலைகளில் பெண்கள் இரவு வேலை செய்வதற்கு இருந்த தடையை 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோது, போக்குவரத்து வசதி உள்ளிட்ட பாதுகாப்பு நிபந்தனைகளோடுதான் நீக்கியது. அதே நியாயம் வீட்டுக்கும் பொருந்தும். ரயில் நேரத்தைப் பார்த்து ஏழரைக்கு ஏழரை என்று மாற்றிக்கொண்டால் சில வீடுகளில் ஆட்டோச் செலவே இல்லாமல் போகும்.

இனி வீட்டோடு தங்கும் ஆள்.

இருபத்துநாலு மணி நேரம் என்று சொல்கிறோம், அவ்வளவு மணி நேரம் யாராலும் வேலை செய்ய முடியாது. எத்தனை மணி வேலை, எத்தனை மணி தூக்கம், எத்தனை மணி அவருடைய சொந்த நேரம் என்று பிரித்தால்தான் விலை வரும். நம் நாட்டில் இதற்கென்று தெளிவான விதி நடைமுறையில் இல்லை. வீட்டுத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் வந்தது. கூப்பிட்டால் வரக் காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்கிறது அது. வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

மற்ற நாடுகள் இதில் ஒன்றுபோல இல்லை. பிரிட்டனின் உச்சநீதிமன்றம் 2021 மார்ச்சில், பராமரிப்பு வேலைக்கு வந்து தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் இடமில்லை, எழுப்பப்பட்டு வேலை செய்த நேரத்துக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இரவு எட்டிலிருந்து காலை ஆறுவரை காத்திருப்பதற்கென்று தனிப்படி உண்டு. நியூயார்க் மாநிலத்தின் வழிதான் எனக்குப் பயன்பட்டது. அங்கே வீட்டுப் பராமரிப்பாளரின் 24 மணி நேர ஷிஃப்ட்டுக்கு 13 மணி நேரக் கூலி கொடுத்தால் போதும், ஆனால் ஒரு நிபந்தனை. எட்டு மணி நேரம் தூங்க விட்டிருக்க வேண்டும், அதில் ஐந்து மணி நேரம் இடையில் எழுப்பாமல் விட்டிருக்க வேண்டும், சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும். இந்த முறையை அந்த மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் 2019 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. அந்தத் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் கிடைக்காவிட்டால் 13 என்ற கணக்கு நிற்காது. தொழிலாளர் அமைப்புகள் அந்த 13 மணிக் கணக்கையே எதிர்க்கின்றன, எதிர்க்கக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் “எழுப்பாத ஐந்து மணி நேரம்” என்ற அளவு நம் வீடுகளுக்குக் கிடைத்த நல்ல அளவுகோல். அதைச் சோதிக்க ஒரு கடிகாரமும் நோட்டும் போதும்.

நம் எண்களைப் போட்டால், 13 மணி நேரத்தில் முதல் எட்டுக்கு 618, மீதி ஐந்துக்கு 600, மொத்தம் 1,218. தூங்கும் நேரத்துக்கு இரவு ஷிஃப்ட்டில் பாதி விலை போட்டுவிட்டு இங்கே ஏன் போடவில்லை என்று கேட்கலாம். மூன்று வேளைச் சாப்பாடும் தங்குமிடமும் அதற்கு ஈடு என்று வைத்திருக்கிறேன். முழு ஈடு ஆகாது என்று சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் சாப்பாட்டுக்கென்று கூலியில் பிடிப்பதை மட்டும் ஏற்க முடியாது. நம் வசதிக்காகத்தான் அவர் நம் வீட்டில் சாப்பிடுகிறார்.

ஆக, வந்துபோகும் இருவர் வைத்தால், இரவு தூங்குகிற நோயாளிக்கு 1,000 கூட்டல் 700, நாளைக்கு 1,700. தங்கும் ஒருவர் வைத்தால் 1,218. ஏறத்தாழ 480 ரூபாய் மிச்சம், அதாவது கம்பெனியில் ஒரு நாள் கூலி. இந்த மிச்சம் வரக் காரணம் அந்தப் பெண் தூங்குவதுதான்.

அவர் தூங்காவிட்டால்? சாப்பாட்டு நேரம் மூன்றைக் கழித்தால் 21 மணி நேர வேலை. எட்டுக்கு 618, பதின்மூன்றுக்கு 1,560, மொத்தம் 2,178. இருவரை வைத்தால் பகலுக்கு 1,000, விழிக்கும் இரவுக்கு 1,100, மொத்தம் 2,100. தங்கும் ஆள் மலிவு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

திருவள்ளூர் வீட்டுக்கு வருகிறேன். எண்பதைத் தாண்டிய பெரியவர், வாக்கர் பிடித்து நடப்பார். இதயம் பலவீனம், கால் வீங்கும். வெளியூரிலிருந்து வந்து தங்கிய அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டார், மாதம் 26,000. மூன்றாம் மாதம் அவர் பகலில் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டார் போட்டுக்கொடுத்தார்கள். மகனுக்குக் கோபம். ஆள் மாற்றச் சொல்லி ஏஜென்சிக்குப் போன் போடும் முன் என்னிடம் புலம்பினார். பகலில் தூங்கினால் இரவில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்கலாமே என்றேன். கட்டிலருகே ஒரு நோட்டு வைக்கச் சொன்னேன். எழுப்பிய நேரம், எதற்கு, திரும்பப் படுத்த நேரம், இவ்வளவுதான்.

முதல் இரவு 11.40-க்கும் 3.10-க்கும் எழுப்பியிருந்தார். இரண்டாம் இரவு 1.15-க்கு ஒரே முறை. மூன்றாம் இரவு 12.05, 2.30, 4.50. எல்லாமே சிறுநீருக்கு. ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். வாக்கர் எடுத்துக் கொடுத்து, கூடவே நடந்து, திரும்பப் படுக்கவைத்து, போர்த்திவிட வேண்டும். பத்து மணிக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறார் என்று வைத்தால், ஒரே முறை எழுப்பிய அந்த நல்ல இரவிலும் தொடர்ந்து கிடைத்தது அதிகபட்சம் நாலரை மணி நேரத் தூக்கம். மற்ற இரவுகளில் மூன்றேகால் மணி நேரமும் இரண்டரை மணிக்குக் குறைவாகவும்தான். மூன்று இரவுமே ஐந்தைத் தொடவில்லை. ஒரு முறைதானே எழுப்பினார் என்று நாம் சொல்வது எவ்வளவு தவறு என்று அன்றுதான் எனக்கும் உறைத்தது. எத்தனை முறை எழுப்பினார் என்பதைவிட எந்த நேரத்தில் எழுப்பினார் என்பதே கணக்கு.

நோட்டை எடுத்துக்கொண்டு மகன் டாக்டரிடம் போனார். கால் வீக்கத்துக்காகப் பெரியவர் சாப்பிட்டு வந்த சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரையின் இரண்டாம் வேளையை, வேலையிலிருந்து வந்த பிறகு மருமகள் இரவு ஒன்பது மணிக்குக் கொடுத்து வந்திருக்கிறார். அதை மதியம் இரண்டு மணிக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். ஒரு வாரத்துக்குப் பிறகு நோட்டில் பெரும்பாலான இரவுகளில் விடியற்காலை நாலரைக்கு ஒரு முறை மட்டும்தான். பத்திலிருந்து நாலரை, ஆறரை மணி நேரம். பகல் தூக்கமும் நின்றுபோனது. இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களே மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டாம். நோட்டோடு டாக்டரிடம் போங்கள்.

மாதம் 26,000 நியாயமா என்ற கேள்வி மிச்சமிருந்தது. முப்பது நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 867. நம் கணக்கில் எட்டு மணிக்கு 618, அதற்குமேல் இரண்டு மணிக்கு 240, மொத்தம் 858. அதாவது 26,000 கொடுப்பவர் நாளைக்குப் பத்து மணி நேர வேலையை வாங்கியிருக்கிறார். அந்த அம்மா பார்த்தது 13. மகனால் 36,000 கொடுக்க முடியாது, அது உண்மை. ஆகவே மணியைக் குறைத்தார்கள். மதியம் பெரியவர் தூங்கும் இரண்டு மணி நேரம் அவருடையது. வெளியே போகலாம், போன் பேசலாம், துணி துவைக்கச் சொல்லக் கூடாது. மகன் வந்ததும் ஒன்பதிலிருந்து பத்துவரை அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பது மகன் வேலை. ஞாயிறு முழுவதும் வீட்டார் பொறுப்பு, ஆனால் அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு. விலை ஏறவில்லை, வேலை அந்த விலைக்கு இறங்கிவந்தது. பேரம் பேச முடியாத வீடுகளுக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான்.

கும்மிடிப்பூண்டி வீடு வேறு கதை. அங்கே மாமியாருக்குப் பக்கவாதம், இடப்பக்கம் அசையாது, எழுபது கிலோ இருப்பார். படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றுதான் மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். காற்று மெத்தை போட்டால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், தோலைப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. எழுப்பாத ஐந்து மணி நேரம் என்பது இந்த வீட்டில் நினைத்துப் பார்க்கவே முடியாதது. இப்படிப்பட்ட வீட்டுக்குத் தங்கும் ஆள் ஒருவரை அனுப்புகிறவர் இரண்டில் ஒன்றை விற்கிறார்: அந்தப் பெண்ணின் தூக்கத்தை, அல்லது நோயாளியின் முதுகை. பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் தெரியவரும், வால் எலும்பின் மேல் அழுத்தினாலும் வெளுக்காத ஒரு சிவப்பாக.

இவர்கள் முதலில் தங்கும் ஆள்தான் வைத்தார்கள். நாற்பது நாளில் மூன்று பேர் மாறினார்கள். ஆள் நிற்காமல் மாறிக்கொண்டே இருந்தால் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் கணக்கைச் சந்தேகிப்பது நல்லது.

பிறகு கணவரின் ஷிஃப்ட் அட்டவணையை நடுவில் வைத்துத் திட்டம் போட்டார்கள். மனைவி எட்டேகாலுக்குக் கிளம்பி ஆறேகாலுக்குத் திரும்புவார். அந்தப் பத்து மணி நேரத்துக்கு வந்துபோகும் ஆள், ஒரு மணி ஓய்வு போக ஒன்பது மணி வேலை. 618 கூட்டல் 120, போக்குவரத்துக்கு 42, மொத்தம் 780. மாதம் 26 நாளுக்கு 20,280. பகல் ஷிஃப்ட்டிலும் மதிய ஷிஃப்ட்டிலும் இருக்கும் வாரங்களில் கணவர் இரவில் வீட்டில் இருப்பார், இருவரும் சேர்ந்து புரட்டிவிடுவார்கள். அவர் இரவு வேலைக்குப் போகும் வாரம் மட்டும் ஆறு இரவுக்கு ஓர் ஆள், விழிக்கும் இரவு விலையில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்பது இரவு, 9,900. இரண்டும் சேர்ந்து 30,000-க்கு மேல் கொஞ்சம். முதலில் தங்கும் ஆளுக்கு அவர்கள் கொடுத்தது 27,000. மூவாயிரம் கூடிற்று, ஆள் மாறுவது நின்றது.

இவர்களுக்கு ஏஜென்சி ‘நர்ஸ்’ என்று சொல்லி அனுப்பிய முதல் பெண் நர்ஸ் அல்ல. இதில் ஏமாறாதவர் குறைவு. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. நர்சிங் படித்துத் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தவரே நர்ஸ். பதிவு எண்ணைக் கேட்டால் கோபப்படமாட்டார். மற்றவர்கள் அட்டெண்டர்கள். குளிப்பாட்டல், ஊட்டல், டயப்பர், புரட்டல், நடக்கவைத்தல் இதெல்லாம் அவர்கள் வேலை. மூக்குக் குழாய் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது, தொண்டைத் துளையில் சளி உறிஞ்சுவது நர்ஸ் வேலை. இதில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் நர்ஸ் வேண்டியதில்லை. வந்து செய்துவிட்டுப் போனால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நர்ஸ் விலை பேசப் போகலாம். பகலுக்கு அட்டெண்டர், தேவைப்படும் நாளில் ஒரு முறை நர்ஸ் என்று பிரித்த வீடுகள் கணிசமாக மிச்சம் பிடித்திருக்கின்றன.

கடைசியாக, நாம் கொடுப்பதும் அவர் கையில் வாங்குவதும் ஒன்றல்ல. என் அத்தைக்கு ஆள் வைத்தபோது ஓர் ஏஜென்சிக்கு நாளுக்கு 900 கட்டினோம். பத்தாம் நாள் காபி குடிக்கும்போது அந்த அக்கா சாதாரணமாகச் சொன்னார், தனக்கு 600 வருகிறது என்று. ஏஜென்சிக்குப் பங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள் தேடுவது, ஆதாரைச் சரிபார்ப்பது, அவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் அனுப்புவது இதற்கெல்லாம் செலவு உண்டு. மாற்று ஆள் வரவே இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம். மேலே போட்ட கணக்கெல்லாம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டிய தொகை. ஏஜென்சியின் பங்கு அதற்கு மேலே. விலை பேசும்போதே “அவங்க கைக்கு எவ்வளவு போகும்?” என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லாத இடத்தில் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

என் தீர்ப்பு இது. இரவில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கும் நோயாளிக்குத் தங்கும் ஆள் சரி. பத்து மணி நேர வேலைக்குக் குறையாமல் விலை வைத்து, அந்தப் பத்தைத் தாண்டாமல் வீட்டார் பங்கெடுத்துக்கொள்ள வேண்டும். புரட்டிப் போட வேண்டிய நோயாளிக்கும், இரவில் எழுந்து உலவும் மறதி நோயாளிக்கும் தங்கும் ஆள் ஒருவரை மட்டும் வைப்பது எந்த விலையிலும் நியாயமாகாது. எது உங்கள் வீடு என்று தெரியாவிட்டால், இன்றிரவே கட்டிலருகே நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டு, மூன்று நாள் கழித்து விலை பேசுங்கள்.